கடைசியாக ஒரு முறை கேட்கிறோம்

ஆஸ்பத்திரியில் அவளைத் தூதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் யார் வைத்த பெயர் என்பது யாருக்கும் நினைவில்லை. இறந்தவரின் வீட்டுக்கும் பிழைத்தவரின் வீட்டுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோவது அவள் வேலை. யாரோ ஒரு நர்ஸ் கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அறைக் கதவில் 'உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்' என்று நீளமாக ஒரு பலகை உண்டு. அதைப் படித்து முடிப்பதற்குள் வந்தவருக்கு அழுகை வந்துவிடும் என்பது அவளே சொல்லிச் சிரிக்கிற ஜோக். அந்த அறைக்கு வருகிறவர்களில் அந்த ஜோக்கைக் கேட்கிற நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். இடுப்பு வலி வந்து, நின்று வேலை பார்க்க முடியாது என்றானபோது இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதில் பொய்யும் இல்லை. மூளைச்சாவு உறுதியான ஒருவரின் வீட்டாரிடம் போய், 'உறுப்புகளைத் தானம் தருவீர்களா' என்று கேட்கும்போது நின்றுகொண்டு கேட்கக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். எத்தனை பேர் எதிரில் அப்படி உட்கார்ந்திருப்பாள்! அந்த முகங்கள் அவளை விட்டுப் போவதில்லை. காய்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு முகம் வந்து நிற்கும். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வெங்காயத்துக்குத் திரும்புவாள்.

அப்படி வந்து நிற்கிறவர்களில் அடிக்கடி வருகிறவர் அந்தத் தையற்காரர்.

கல்லூரி முடிக்கும் தறுவாயில் இருந்த ஒரே மகள். சாலையைக் கடக்கும்போது வேன் மோதி, தலையில் அடி. மருத்துவர்கள் செய்கிற சோதனைகளில் கடைசியானது, மூச்சுக் கருவியைக் கழற்றிவிட்டு மார்பு தானாக அசைகிறதா என்று பார்ப்பது. கழற்றினாலும் பிராணவாயு குழாய் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். அசைவு மட்டும் நோயாளியுடையதாக இருக்க வேண்டும். தானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தையற்காரர் கேட்டார். விட்டார்கள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணால் மகளின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவில்லை. தூதக்கா அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள். அவருடைய மனைவி சுவரைப் பார்த்தபடி தலையசைத்தாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எடுக்கும்போது அவளுக்கு மூச்சு முட்டுமாம்மா?"

"இல்லைங்கய்யா. அவங்களுக்கு எதுவும் தெரியாது."

சிறுநீரகங்கள், கல்லீரல், கண்கள் எல்லாம் போயின. நுரையீரலும் போனது. நுரையீரல் எப்போதும் கிடைத்துவிடுகிற உறுப்பு இல்லை. பாதி நேரம் பழுதாகிவிடும். அந்தப் பெண்ணுடையது பழுதில்லாமல் இருந்தது.

ஒரு வருஷம் கழிந்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நுரையீரல் வாங்கியவருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். இப்படி வருகிற கடிதங்களைத் தூதக்கா முதலில் படித்தாக வேண்டும். யார், எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிக்க வழியிருக்கிற எதுவும் போகக்கூடாது என்பது விதி. மகளின் பெயரை எடுத்துவிட்டு 'என் மகள்' என்று மாற்றித் தட்டச்சு செய்தாள். அதைத் தவிர எடுக்க எதுவும் இல்லை. நன்றி கேட்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. 'மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா, அதை மட்டும் தெரிவித்தால் போதும்' என்று முடித்திருந்தார்.

நுரையீரல் வாங்கியவர் உயிரோடுதான் இருந்தார். நடுத்தர வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. பரிசோதனைக்கு ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தார். தூதக்கா தன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அந்த அம்மாள் வராந்தாவில் நடந்து போவதைப் பார்க்கலாம். ஆனால் போய்க் கேட்கக்கூடாது. அவருடைய சம்மதமில்லாமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகவும் கூடாது. கடிதம் வந்திருக்கிறது, வேண்டுமா என்று எழுத்தில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் சில மாதம் கழித்து இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் கோப்பை மூடிவிட வேண்டும். உயிர் கொடுத்தார்கள் என்பதற்காக ஒருவரைத் துரத்திக்கொண்டே இருக்க முடியுமா? விதி நியாயமான விதிதான். நியாயமான விதி என்றால் உறுத்தக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

அப்படிக் கேட்கிற முதல் கடிதம் போனது. பதில் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு மதியம் தூதக்கா தையற்காரரின் வீட்டுக்குப் போனாள். தானம் செய்த குடும்பங்களை எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவதும் அவள் வேலையில் சேர்ந்ததுதான். முன்னறையில் தையல் மெஷின். சுற்றிலும் யார் யாருடைய சன்னலுக்கோ போக வேண்டிய திரைத்துணிகள் மலையாகக் கிடந்தன. உள்ளே ஒரு நடை, அதன் கடைசியில் சாத்திய கதவு. மகளின் அறை. வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"அம்மா எங்கேங்கய்யா?"

"அவ தம்பி வீட்ல இருக்கா. போய் ரொம்ப நாளாச்சு." தைத்துக்கொண்டே சொன்னார். "என்னோட இருக்க பயமா இருக்காம்."

"உங்களோடயா?"

அவர் காலை மிதியிலிருந்து எடுத்தார். மெஷின் நின்றது. விரலை உயர்த்திக் காட்டினார்.

"கேக்குதா?"

தூதக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அது போன பிறகு வீடு அடங்கியது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. திரைத்துணி காற்றில் உரசுகிறதோ, குழாயில் தண்ணீர் ஏறுகிறதோ, சொல்ல முடியவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருக்க மாட்டாள். உண்டு என்றும் செய்திருக்க மாட்டாள். கை மயிர் குத்திட்டு நின்றது மட்டும் நிஜம்.

"மூச்சு விடறா," என்றார் அவர், அடுப்பில் பால் இருக்கிறது என்கிற குரலில். "மெஷின் ஓடுறப்போ கேக்காது. நிறுத்தினா கேக்கும். என் பொண்டாட்டிக்குக் கேக்கல. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்துத்தான் பயந்துட்டா. நீ கேக்கறத நிறுத்து, நான் வரேன்னுட்டா. நான் எப்படிம்மா நிறுத்தறது? அன்னைக்கு ஆஸ்பத்திரில அவ மார்பு அசையுமான்னு பாத்துக்கிட்டே நின்னேனே, அசையலயே. இப்ப கேக்குது. எழுந்து போகச் சொல்றீங்களா?"

தூதக்காவின் இருபது வருஷ அனுபவம் அந்த நேரத்தில் காலணாவுக்கு உதவவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்," என்றார். "அவ மூச்சு அங்க ஓடுதா, இங்க ஓடுதா? ரெண்டு எடத்துல எப்படி ஓடும்? அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் தெளிஞ்சிடுவேன். பதில் வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்கய்யா. இன்னும் ஒரு தடவை எழுதுவோம்."

"அதுக்கும் வரலேன்னா?"

"அதுக்கப்புறம் எழுத மாட்டோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். தேவையில்லாத வேகத்தில் ஓட்டினார்.

அதன் பிறகு தூதக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டால் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் அந்த ஆசிரியை போகும்போது, கதவிடுக்கில் நின்று அவருடைய முதுகு ஏறி இறங்குவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். பளபளவென்று ஒரு கைப்பை, சீரான நடை, மூச்சு வாங்கவே இல்லை. 'ஏம்மா, நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?' என்று உள்ளுக்குள் கத்தினாள். வெளியே கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது கடிதத்தை எழுதும் நாள் வந்தது. எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. அப்பாவின் துக்கம், மனைவி பிரிந்து போனது, சாத்திய கதவு, கேட்கிற மூச்சு, எல்லாம் பெயரில்லாமல் அதில் இருந்தன. படித்தால் கல்லும் கரையும் என்று அவளுக்கே தோன்றியது. பிரிவின் தலைவியிடம் கொண்டுபோய் வைத்தாள். பெரிய மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அம்மாள் கண்டிப்புக்காரர். எதையும் பேனாவோடுதான் படிப்பார். இதைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. இது போகக்கூடாது."

"ஏன் மேடம்? இதுதானே கடைசி? இதுக்கப்புறம் நமக்கு வாய்ப்பே இல்லையே."

"கடைசிங்கறதாலதான். அந்தப் பொண்ணு தினமும் இத்தனை மாத்திரை முழுங்கி, குழாய்ல ஊதி அளவு பாத்து, நாளைக்கு உடம்பு இந்த நுரையீரல ஏத்துக்குமா தள்ளிடுமான்னு பயந்துக்கிட்டு இருக்கா. அவ கிட்ட போய், நீ பதில் சொல்லலேன்னா ஒரு வீடு உடைஞ்சு போகும்னு சொல்றே. இது கடிதமா, கழுத்துல சுருக்கா?"

தூதக்காவுக்குச் சுருக்கென்றது. மேடம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொல்ல அவளுக்கு எடம் இருக்கணும். சொல்லாமலே இருக்கவும் எடம் இருக்கணும். நீ யாருக்காகக் கேக்கறே? அவருக்காகவா, உனக்காகவா?"

தூதக்கா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவள் கணவர், பஸ் ஓட்டுகிறவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரையே அதட்டி வழிவிட வைக்கிற மனுஷன். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கவர் கிடந்தது. கண்ணாடித்தாள் சன்னல் வைத்து, ஓரத்தில் நீலக்கோடு போட்ட ஆஸ்பத்திரி கவர். போன வாரம் அவருக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். கவர் பிரிக்கப்படவே இல்லை.

"என்னங்க, இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

"பிரிச்சுப் பாக்கலயா?"

"எதுக்கு? பிரிக்கற வரைக்கும் நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அசடு மாதிரி பேசாதீங்க. நல்ல சேதியா இருந்தா?"

"நல்ல சேதிய எவன் நீலக்கோடு போட்ட கவர்ல அனுப்புவான்?"

அவள் அதைப் பிரித்தாள். ஒன்றுமில்லை, கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு. "நடங்க, எண்ணெயைக் குறைங்க," என்றாள். அவர் அப்போதுதான் நிம்மதியாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். தூதக்கா கையில் கவரை வைத்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள். அந்த ஆசிரியைக்கு அனுப்பிய முதல் கடிதம் இதே கவரில்தான் போயிருந்தது. நீலக்கோடு, மாற்று அறுவைப் பிரிவின் முத்திரை. நுரையீரலுக்குள் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற சோதனையின் முடிவும் அதே கவரில்தான் போகும். அலமாரியில் அடுக்கியிருக்கிற கவரை எடுத்து, கடிதத்தை மடித்துப் போட்டு அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கவர். பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற ஸ்டேஷனரி. வீட்டில் அதை வாங்குகிறவர்களுக்கு அது என்னவென்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். 'பிரிக்காமலே எங்கேயாவது கிடக்கும்' என்று கணவரிடம் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எண்ணெயைக் குறைப்பதைப் பற்றி இருக்கும் என்று தலையாட்டினார்.

மறுநாள் கடையில் சாதாரண வெள்ளைக் கவர் வாங்கினாள். முத்திரை இல்லாமல், முகவரியைக் கையால் எழுதினாள். பெரிய மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியைக் கூடத் தொடவில்லை.

'அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். இது உங்கள் பரிசோதனை முடிவு பற்றிய கடிதம் அல்ல. உங்களுக்கு உறுப்பு தந்த குடும்பத்தார் எழுதிய ஒரு கடிதம் எங்களிடம் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தோம். இப்போது கடைசியாக ஒரு முறை கேட்கிறோம். வேண்டுமானால் அனுப்பிவைக்கிறோம். வேண்டாம் என்றாலும் நல்லதே; காரணம் சொல்லத் தேவையில்லை, பதில் எழுதாமலும் இருக்கலாம். இதற்கு மேல் இது பற்றி நாங்கள் தொடர்புகொள்ள மாட்டோம். அந்தக் கடிதம் எங்களிடம் பத்திரமாக இருக்கும். எப்போது கேட்டாலும் தருவோம். உங்கள் சிகிச்சை எதுவும் இதைப் பொறுத்தது அல்ல.'

அவ்வளவுதான். கீழே கையெழுத்தும் அறையின் தொலைபேசி எண்ணும் இருந்தன. தபால் பெட்டிக்குள் போட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு காத்திருந்தாள். ஆசிரியை பரிசோதனைக்கு வந்த நாளில் கதவை முழுசாகச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். வெளியே காலடிகள் வந்தன, கதவுக்கு முன்னால் நின்றன. தூதக்கா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கமும் யாரோ மூச்சு விடுவது கேட்டது போல இருந்தது. காலடிகள் நகர்ந்து போய்விட்டன. எழுந்து திறந்து பார்க்கலாம். பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் தொலைபேசி அடித்தது.

"நீங்கதானே அந்தக் கடிதம் எழுதினது?" ஒரு பெண் குரல். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசியது. "முதல் கடிதம் புத்தக அலமாரிக்குப் பின்னாடி கெடக்கு. ரிசல்ட்டுன்னு நெனச்சு ஒளிச்சு வெச்சுட்டேன். நேத்து உங்க ரூம் வரைக்கும் வந்தேன். தட்டத் தைரியம் வரல."

"பரவாயில்லைம்மா. என் தப்பு அது. அந்தக் கவர்ல அனுப்பியிருக்கக் கூடாது."

"அவங்க கடிதம் எனக்கு வேண்டாம். இப்ப வேண்டாம். படிச்சா அது யாரோட மூச்சுன்னு தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சுட்டா என்னால சும்மா மூச்சு விட முடியாது. ஒவ்வொண்ணும் அனுமதி கேட்டு விடற மாதிரி ஆயிடும். புரியுதாங்க?"

"புரியுதும்மா."

மறுமுனையிலிருந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, சீராக, அவசரமில்லாமல். தூதக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லலாம் அவங்ககிட்ட," என்றது குரல். "நல்லா மூச்சு வருது. மாடிப்படி நிக்காம ஏறுறேன். கிளாஸ்ல பசங்கள சத்தம் போட்டு அதட்டறேன். அது போதுமா?"

"இதை அப்படியே சொல்லலாமா? மாடிப்படியும் நல்ல மூச்சும் மட்டும் சொல்றேன். கிளாஸ் வேண்டாம், உங்க வேலை என்னன்னு தெரிஞ்சிடும்."

"சரி. அது மட்டும் சொல்லுங்க."

தூதக்கா வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டாள். போனை வைத்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஜெயித்துவிட்டது போல இருந்தது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனதில்லை. அன்று மதியமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

தையற்காரர் அவள் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்திவிட்டார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்கய்யா. கடிதம் இப்ப வேண்டாம்னுட்டாங்க. அதுல வருத்தப்படாதீங்க. ஆனா சொல்லச் சொன்னாங்க. நல்லா மூச்சு வருதாம். மாடிப்படி நிக்காம ஏறுறாங்களாம்."

"நிக்காமயா?"

"நிக்காம."

அவர் முகம் மலர்ந்தது. பதினைந்து வயசு குறைந்தவர் போல ஆனார். "பாத்தீங்களா! என் பொண்ணு எப்பவும் ரெண்டு ரெண்டு படியாத்தான் ஏறுவா," என்றார். துணியை மடியிலிருந்து எடுத்துக் கீழே போட்டார், எழுந்தார், ஏதோ குடிக்கக் கொண்டுவர உள்ளே திரும்பினார். நடையில் இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தூதக்காவும் எழுந்து நின்றாள். தெருவில் சத்தமில்லை. மெஷின் ஓடவில்லை. அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். போன தடவை இருந்ததோ இல்லையோ என்று தோன்றிய எதுவும் இப்போது இல்லை. சுவர் சுவராக இருந்தது, கதவு கதவாக இருந்தது. வீடு முழுக்க ஒரு சாதாரண மதியம் நிறைந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவர் போய்க் கதவைத் திறந்தார். கட்டில், மேசை, மடித்து வைத்த போர்வை. வாசலில் நின்று தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பிறகு திரும்பிய முகத்தில் அன்று ஆஸ்பத்திரியில் இருந்த அதே பார்வை இருந்தது.

"இல்லம்மா," என்றார்.

"ஐயா..."

"இல்ல. அங்க இருக்கா. இங்க இல்ல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தானே கேட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்க, நான்தானே கேட்டேன்."

தூதக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் அழுதார். மகள் இறந்த அன்று அவர் அழுததை அவள் பார்க்கவில்லை. அன்று அழவே இல்லையோ என்னவோ. குரல் எடுத்து, வெட்கமில்லாமல், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். தான் கொண்டுவந்தது நல்ல சேதியா என்று தூதக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அலமாரி மேலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினார். மூன்றாவது தடவை மணி போனது. அந்தப் பக்கம் அவர் மனைவி எடுத்தது தூதக்காவுக்குக் கேட்டது.

"நான்தான்," என்றார் தையற்காரர். "நீ வந்துடு. இங்க யாரும் இல்ல."